அழுத்தினால் வலிக்கும் நெஞ்சு: மூச்சுப் பிடிப்பும் இதய வலியும்

ஞாயிற்றுக்கிழமை மாலை. 38 வயதுக்காரர் ஒருவர் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்து இரண்டு மாடி ஏறுகிறார். அப்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் விடிகாலை படுக்கையில் புரண்டபோது நெஞ்சின் இடது பக்கம் சுருக்கென்று குத்துகிறது. எழுந்து உட்கார்ந்து மூச்சை ஆழமாக இழுத்தால் இன்னும் அதிகமாகக் குத்துகிறது. பாதி மூச்சிலேயே நிறுத்திவிடுகிறார்.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "வாயு பிடிச்சிருக்கும்பா, ஓமத்தண்ணி குடி" என்கிறார் அம்மா. "இடது பக்கம்னு சொல்றீங்களே, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்கிறார் மனைவி. போனில் அண்ணன் சொல்கிறார்: "அமுக்கிப் பாருடா. வலிச்சா ஹார்ட் இல்ல, பயப்படாத."

அவசரப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்ததில் இந்த மூன்றாவது பேச்சை நான் கேட்காத வாரமே கிடையாது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை. அந்த உண்மை எதுவரை செல்லும், எங்கே ஆளைக் கவிழ்த்துவிடும் என்பதைப் புரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

## கதவின் கீலும் தண்ணீர் மோட்டாரும்

ஒரு வீட்டில் இரண்டு கோளாறுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, துருப்பிடித்த கதவுக் கீல். கதவு சும்மா இருக்கும்வரை அதிலிருந்து சத்தம் வராது. கதவை அசைத்தால் கிரீச்சென்று கேட்கும். எந்தக் கீல் என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம்.

இன்னொன்று, தண்ணீர் மோட்டார். அதற்குப் போதுமான கரண்ட் வரவில்லை என்று வையுங்கள். கதவைத் திறந்தாலும் மூடினாலும் அதற்கு ஒன்றும் இல்லை. சுவரில் கை வைத்து அழுத்தினாலும் மாற்றம் இல்லை. மேல் டேங்குக்குத் தண்ணீர் ஏற்றச் சொன்னால்தான் திணறும். நிறுத்திவிட்டால் அடங்கிவிடும்.

நெஞ்சு வலியிலும் முதலில் பார்க்க வேண்டிய பிரிவு இதுதான். விலா எலும்பு, அவற்றுக்கு இடையிலுள்ள தசை, எலும்பு சேரும் மூட்டு எல்லாம் சேர்ந்ததை நெஞ்சுச் சுவர் என்போம். நெஞ்சுச் சுவரின் வலி அசைவோடு கூடும். இதயத்தின் வலி உழைப்போடு கூடும். மூச்சை இழுப்பதும், புரள்வதும், கையைத் தூக்குவதும், அழுத்துவதும் சுவரை அசைக்கிற காரியங்கள். படி ஏறுவதும், வேகமாக நடப்பதும், கோபப்படுவதும், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நடப்பதும் இதயத்துக்கு வேலை கூட்டுகிற காரியங்கள்.

## மூச்சு இழுத்தால் ஏன் குத்துகிறது

நம் ஊரில் இதற்கு மூச்சுப் பிடிப்பு என்று அருமையான பேர் இருக்கிறது. பேரிலேயே பாதி விளக்கம் உண்டு.

நமக்கு 12 ஜோடி விலா எலும்புகள். முதுகெலும்பில் தொடங்கி வளைந்து முன்னால் வருகின்றன. மேலே உள்ள 7 ஜோடி, நெஞ்சின் நடுவில் இருக்கும் மார்பெலும்போடு வந்து சேர்கின்றன. எலும்பு நேராக எலும்போடு ஒட்டுவதில்லை. நடுவில் ஒரு துண்டு குருத்தெலும்பு இருக்கிறது. குருத்தெலும்பு என்பது காது மடலில் இருப்பதுபோல வளைந்து கொடுக்கும் மெல்லெலும்பு. அது இருப்பதால்தான் நெஞ்சுக்கூடு இரும்புக் கூண்டுபோல் இல்லாமல் விரிந்து சுருங்குகிறது.

மூச்சை இழுக்கும்போது ஒவ்வொரு விலா எலும்பும் பக்கெட்டின் கைப்பிடியைத் தூக்குவதுபோல மேலேயும் வெளியேயும் எழுகிறது. ஒரு கையை விலாவில் வைத்து ஆழமாக மூச்சு இழுத்துப் பாருங்கள், கை வெளியே தள்ளப்படும். அந்தத் தூக்கலுக்கு எலும்புகளுக்கு நடுவிலுள்ள தசைகள் இழுபட வேண்டும். குருத்தெலும்பு சேரும் இடங்கள் சற்றே முறுக்கிக்கொள்ள வேண்டும். தசையில் சின்னக் கிழிசல் இருந்தாலோ, அந்தச் சேரும் இடம் எரிச்சல்பட்டுப் போயிருந்தாலோ, ஒவ்வொரு ஆழ்ந்த மூச்சும் புண்ணைத் தொட்டுவிட்டுப் போகும். இருமலும் தும்மலும் அதையே இன்னும் வேகமாகச் செய்யும்.

குருத்தெலும்பு சேரும் இடம் எரிச்சல்பட்டு வலிப்பதற்குக் காஸ்டோகாண்ட்ரைட்டிஸ் என்று மருத்துவப் பேர். பெரும்பாலும் 2 முதல் 5 வரையிலான விலா எலும்புகளில், மார்பெலும்பின் ஓரத்தில் வரும். வெளியே வீக்கம் தெரியாது. பாரம் தூக்கியது, பழக்கமில்லாத வேலை, புதிதாகத் தொடங்கிய ஜிம், பல நாள் விடாத இருமல் ஆகியவை அடிக்கடி பின்னால் இருக்கும். பலருக்கு எந்தக் காரணமும் அகப்படாது. இருமலை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "நான் எதையும் தூக்கவே இல்லையே டாக்டர்" என்பவர் இரண்டு வாரமாக இருமிக்கொண்டிருப்பார். அந்தத் தசைகள் இரண்டு வாரமாக மூட்டை தூக்கியதற்குச் சமம்.

இது ஏன் சீக்கிரம் ஆறுவதில்லை என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. கால் சுளுக்கினால் காலை நீட்டி வைத்துக்கொள்ளலாம். நெஞ்சுக்கூட்டுக்கு ஓய்வு ஏது? நிமிடத்துக்கு 15 மூச்சு என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 21,600 முறை அது விரிந்து சுருங்குகிறது. அதனால் சில நாட்களில் தீர வேண்டிய வலி சில வாரங்கள் இழுப்பது சகஜம். சிலருக்கு மாதக்கணக்கில் வந்து வந்து போகும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மூச்சு இழுப்பது நெஞ்சுச் சுவரை அசைக்கிற ஒரு வேலை. சுவரில் புண்பட்ட இடம் இருந்தால் ஆழ்ந்த மூச்சில் குத்தும்.

## இதய வலி ஏன் "வலி" மாதிரியே இருப்பதில்லை

விரல் நுனியில் முள் குத்தினால் கண்ணை மூடிக்கொண்டே இடத்தைச் சொல்லிவிடுவோம். தோல், தசை, மூட்டு இவற்றிலிருந்து போகும் நரம்புகள் வீட்டு எண்ணோடு எழுதிய முகவரி மாதிரி. மூளைக்கு இடம் துல்லியமாகத் தெரியும்.

இதயம் போன்ற உள்ளுறுப்புகளின் நரம்புகள் அப்படியில்லை. அவை ஊர்ப் பேர் மட்டும் எழுதிய கடிதம். இதயத்திலிருந்து வரும் நரம்புகள் தண்டுவடத்தில் நுழையும் அதே மட்டத்தில்தான் மார்பு, கையின் உட்புறம் ஆகியவற்றின் நரம்புகளும் நுழைகின்றன. செய்தி எங்கிருந்து வந்தது என்று மூளைக்குப் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. அதனால் இதயத்துக்கு ரத்தம் குறையும்போது நெஞ்சு முழுக்க ஒரு பாரம், இடது கையில் குடைச்சல், இரண்டு கையிலும் கனம், தாடையில் இழுப்பு, தொண்டையில் அடைப்பு, மேல்வயிற்றில் ஒரு சங்கடம் என்று எங்கெங்கோ தெரியும்.

இதயத் தசைக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருந்து, வேலை கூடும்போது மட்டும் ரத்தம் போதாமல் வரும் நெஞ்சு அடைப்புக்கு ஆஞ்சைனா என்று பேர். 1768இல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் இதை விவரித்து இந்தப் பேரைக் கொடுத்தார். நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போதும் சாப்பிட்ட உடனேயும் வருகிறது, நின்றால் போய்விடுகிறது என்று அவர் அன்றே கவனித்துச் சொன்னார். ஈசிஜி எந்திரம் வருவதற்கு நூறு வருடத்துக்கும் முன்னால், நோயாளிகளிடம் பொறுமையாகக் கேட்டே இதைக் கண்டுபிடித்தார் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

ரத்தக்குழாய் திடீரென்று அடைபட்டு, இதயத் தசை சாகத் தொடங்குவதுதான் மாரடைப்பு. அது நின்றாலும் உட்கார்ந்தாலும் அடங்காது.

இதய வலிக்காரர்களில் நிறையப் பேர் "வலி" என்ற சொல்லையே சொல்வதில்லை. "அடைக்குது", "கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு", "பிசையுது", "என்னமோ பண்ணுது" என்பார்கள். "வலிக்குதா?" என்று கேட்டால் "வலி இல்லீங்க" என்றே பதில் வரும். அதனால் நான் "நெஞ்சுல என்ன பண்ணுது?" என்றுதான் கேட்பேன்.

## விரலா, உள்ளங்கையா

வலி எங்கே என்று கேட்டதும் அவர்கள் கை போகும் விதத்தைப் பாருங்கள். நெஞ்சுச் சுவர் வலிக்காரர் பெரும்பாலும் ஒற்றை விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டுவார். இதய வலிக்காரர் உள்ளங்கையால் நெஞ்சின் நடுவைத் தடவுவார், அல்லது கையை முஷ்டியாக மடக்கி மார்பெலும்பின் மேல் வைப்பார். நம் ஊரில் பலரும் இடது மார்புக்குக் கீழே குத்தினால் இதயம் என்று பயப்படுகிறார்கள். இதயம் இருப்பது மார்பெலும்புக்குப் பின்னால், கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து. அதன் வலி பொதுவாக நடுவில், பரவலாகத் தெரியும்.

அடுத்தது நேரம். சுருக்கென்று ஒரு நொடி குத்திவிட்டுப் போவது இதய வலி இருக்கும் முறை அல்ல. இளைஞர்களுக்கு, சும்மா உட்கார்ந்திருக்கும்போது, இடது மார்பில் ஊசி குத்தியதுபோல வந்து மூச்சையே நிறுத்திவிட்டு ஓரிரு நிமிடத்தில் தானாக மறையும் ஒரு வலி உண்டு. அது எந்தத் தீங்கும் செய்யாது. மறுபக்கம், நான்கு நாளாக இரவு பகலாக ஒரே சீராக வலித்துக்கொண்டே இருப்பதும் இதய வலியின் இயல்பு இல்லை. ஆஞ்சைனா நிமிடக் கணக்கில் வரும்: ஏறும்போது தொடங்கும், நின்றதும் சில நிமிடங்களில் இறங்கும். மாரடைப்பு வந்தால் போகாது. 20 நிமிடம், அரை மணி, அதற்கு மேலும் நிற்கும். கூடவே குளிர்ந்த வியர்வை, குமட்டல், மூச்சு வாங்குவது, காரணமில்லாத பயம் என்று உடம்பு முழுக்கக் கலங்கும்.

மூன்றாவது, எதனால் கூடுகிறது என்ற கேள்வி. இதைத்தான் நான் அதிகம் நம்புவேன். "படுக்கையில் இந்தப் பக்கம் புரண்டா உயிர் போகுது, ஆனா மாடி ஏறினேன், ஒண்ணும் இல்லை" என்பது கீலின் கதை. "எப்படிப் படுத்தாலும் ஒண்ணும் இல்லை, தெருமுனை வரைக்கும் நடந்தா அடைக்குது" என்பது மோட்டாரின் கதை.

## சரியாக அழுத்திப் பார்ப்பது எப்படி

அண்ணன் போனில் சொன்ன "அமுக்கிப் பாரு" பரிசோதனையில் பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். நான்கு விரலையும் சேர்த்துக் குத்துவதுபோல் அழுத்தினால் யாருக்கும் வலிக்கும்.

கழுத்துக்குக் கீழே உள்ள பள்ளத்திலிருந்து விரலை மார்பெலும்பின் மேல் மெதுவாகக் கீழே இறக்குங்கள். மூன்று நான்கு விரற்கடை தாண்டியதும் ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டுக்கு நேர் பக்கத்தில் வந்து சேர்வது இரண்டாவது விலா எலும்பு. அங்கிருந்து ஒரு பள்ளம், ஒரு எலும்பு என்று எண்ணிக்கொண்டே ஓரமாகக் கீழே போகலாம். ஒவ்வொரு சேரும் இடத்திலும் ஒரே விரல் நுனியால், நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்த வேண்டும். பிறகு வலது பக்கமும் அதே இடத்தில், அதே அளவுக்கு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலித்தால் அதற்கு அர்த்தம் குறைவு.

ஒரு சின்னக் குறிப்பு. மார்பெலும்பின் அடியில், வயிறு தொடங்கும் இடத்தில் கூராக ஒரு சின்ன முனை இருக்கும். அது எல்லோருக்கும் உண்டு, அழுத்தினால் பலருக்கும் வலிக்கும். அதைக் கட்டி என்று நினைத்துப் பயந்து ஓடிவந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அழுத்தும்போது கேட்க வேண்டிய கேள்வி "வலிக்கிறதா" என்பது அல்ல. "நீங்கள் சொல்லிக்கொண்டிருந்த அதே வலிதானா இது?" என்பதுதான் கேள்வி. இந்த ஒரு சொல், "அதே", மறந்துபோனால் சோதனையே வீண்.

தண்ணீர் கேன் தூக்கியவருக்கு வருவோம். இடது பக்கம் மூன்றாவது, நான்காவது விலா சேரும் இடத்தில் விரல் வைத்ததும் முகம் சுளித்து, "இதேதான் டாக்டர், இதேதான்" என்றார். வலது பக்கம் ஒன்றும் இல்லை. இடது கையை மடக்காமல் மார்புக்குக் குறுக்கே வலது பக்கம் இழுக்கச் சொன்னபோதும் அதே இடத்தில் அதே குத்து. படி ஏறினால் கூடவில்லை, வியர்வை இல்லை, சர்க்கரை நோய் இல்லை, புகைப் பழக்கம் இல்லை. கதை, வயது, பரிசோதனை மூன்றும் ஒரே பக்கம் கை காட்டின. அப்படியும் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினேன். ஈசிஜி என்பது இதயத்தின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டும் சோதனை. நெஞ்சு வலி என்று வரும் பெரியவர்களுக்கு அதை எடுக்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

## மூச்சில் வலி, அழுத்தினால் வலி இல்லை

இங்கே ஒரு கிளைப்பாதை இருக்கிறது. மூச்சு இழுத்தால் குத்துவது எல்லாம் தசையால் வருவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நுரையீரலைச் சுற்றி ஈரமான இரட்டை உறை ஒன்று உண்டு. அதன் பேர் ப்ளூரா. இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே எண்ணெய் தடவியதுபோல, நுரையீரல் விரியும்போது அவை ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். அந்த உறையில் அழற்சி வந்தால் வழுக்கல் போய் உரசலாகிவிடும். அப்போதும் ஆழ்ந்த மூச்சில்தான் குத்தும். ஆனால் உறை உள்ளே இருப்பதால் விரலால் அழுத்தி அதே வலியைக் கொண்டுவர முடியாது.

நிமோனியா, நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி போய் அடைத்துக்கொள்வது, நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று வெளியேறுவது எல்லாம் இப்படி வலியைத் தரும். இதயத்தைச் சுற்றியுள்ள உறை அழற்சியடைந்தாலும் மூச்சில் குத்தும். அது மல்லாந்து படுத்தால் கூடும், எழுந்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறையும். ஆக, மூச்சில் குத்துகிறது, அழுத்தினால் எந்த இடமும் அகப்படவில்லை, கூடவே காய்ச்சலோ, மூச்சு வாங்கலோ, சளியில் ரத்தமோ, ஒரு காலில் மட்டும் வீக்கமோ இருந்தால் அதே நாளில் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு வாங்கல் திடீரென்று வந்திருந்தால் அந்த நிமிடமே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிச்சலோடு வலித்து, தோலைத் துணி உரசினாலே தாங்கவில்லை என்றால், சில நாளில் அங்கே கொப்புளம் வருகிறதா என்று பாருங்கள். அக்கி அப்படித்தான் தொடங்கும்.

சுருக்கமாகச் சொன்னால், மூச்சில் குத்தி அழுத்தினாலும் அதே வலி வந்தால் சுவர். மூச்சில் மட்டும் குத்தினால் உறையாக இருக்கலாம். இரண்டிலும் மாற்றமில்லாமல் உழைப்பில் கூடினால் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

## "அமுக்கினால் வலிக்கிறது" எங்கே கவிழ்க்கும்

1980களில் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து, நெஞ்சு வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைப் பதிவு செய்தன. அழுத்தினால் தங்கள் வலி அப்படியே திரும்ப வந்தது என்றவர்களில்கூட 100க்கு 7 பேருக்கு இதய ரத்தக் குறைவுதான் காரணம் என்று தெரிந்தது. மூச்சில் கூடும் வலிக்காரர்களில் அது 100க்கு 13.

இந்த எண்ணை நிதானமாகப் பாருங்கள். அழுத்தினால் வலிப்பது இதய நோய்க்கான வாய்ப்பை நன்றாகக் குறைக்கிறது. 100 பேரில் 93 பேருக்குக் காரணம் இதயம் இல்லை. ஆனால் மீதி 7 பேர் "அமுக்கிப் பாரு" என்ற ஒரு சொல்லை நம்பி வீட்டில் படுத்திருந்தால் என்ன ஆகும்? அந்த 7 பேர் யாராக இருப்பார்கள் என்பதை வயதும் கூடவே உள்ள நோய்களும்தான் சொல்லும். 22 வயதுப் பையனுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. 58 வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப் பழக்கம் என்று இருப்பவருக்கு அதே அழுத்தல் வலி ஆறுதல் தரக் கூடாது.

காரணம் எளிது. கீல் துருப்பிடித்த வீட்டில் மோட்டாரும் கெட்டுப்போகலாம். நடுத்தர வயதில் பலருக்கும் நெஞ்சில் ஏதாவது ஒரு மூட்டு அழுத்தினால் வலிக்கும். அது அங்கே இருப்பதால் இதயத்தில் ஒன்றும் இல்லை என்று ஆகாது.

வாயு விஷயமும் இதே மாதிரிதான். சோடா குடித்து ஏப்பம் விட்டதும் குறைந்தது, ஜெலுசில் குடித்ததும் விட்டது என்பதை வைத்து இதயம் இல்லை என்று சொல்ல முடியாது. இதய வலியும் வந்து வந்து தானாகக் குறையும். குறைந்த நேரத்தில் எதைக் குடித்தோமோ அதற்குப் பேர் கிடைத்துவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமல், வெறும் மூச்சு வாங்கலாக, அசதியாக, வயிற்றுச் சங்கடமாக வருவதும் உண்டு.

## அப்புறம் என்ன செய்வது

தண்ணீர் கேன்காரரைப் போலப் பரிசோதித்து, நெஞ்சுச் சுவர் என்று உறுதியானால், வெந்நீர் ஒத்தடம், பாரம் தூக்காமல் இருப்பது, இருமல் இருந்தால் அதற்கு வைத்தியம், தேவைப்பட்டால் பாராசிட்டமால் போதும். மருந்துக்கடையில் வேறு வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போடாதீர்கள். இதய நோய், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு அவற்றில் பல கெடுதல் செய்யும். வலிக்குப் பயந்து நாள் முழுக்க மேலோட்டமாக மூச்சு விடுவதும் நல்லதல்ல. ஒரு தலையணையை வலிக்கும் பக்கம் அணைத்துப் பிடித்துக்கொண்டு மணிக்கு ஒரு முறை நாலைந்து ஆழ்ந்த மூச்சு இழுங்கள். அணைத்துப் பிடித்தால் இருமலும் தாங்கும்.

நெஞ்சின் நடுவில் பாரமோ அடைப்போ வந்து, உட்கார்ந்து ஓய்வெடுத்தும் 5 நிமிடத்தில் இறங்கவில்லை என்றால், அல்லது வியர்வையோ மூச்சு வாங்கலோ மயக்கமோ கூட வந்தால், அழுத்திப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்; இலங்கையில் 1990. தானே வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவுப் பிரச்சினையோ இல்லாதவர் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். பெரிய ஊர் தூரமாக இருந்தால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மருத்துவமனையில் முதல் ஈசிஜி சாதாரணமாக இருந்தாலும் "இன்னும் கொஞ்ச நேரம் இருங்க" என்று சொன்னால் கோபப்படாதீர்கள். இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதத்துக்கு ட்ரோபோனின் என்று பேர். வலி தொடங்கிய முதல் ஓரிரு மணி நேரத்தில் பார்த்தால் அது உயராமலே இருக்கலாம். அதனால்தான் சில மணி நேரம் கழித்து ரத்தத்தை மறுபடியும் எடுத்து ஒப்பிடுகிறார்கள்.

## இரண்டும் இருந்த ஒரு அம்மா

பலரிடம் பார்த்ததை ஒருவராகச் சேர்த்துச் சொல்கிறேன். 56 வயது அம்மா. 12 வருடமாகச் சர்க்கரை. மூன்று வாரமாக வறட்டு இருமல். மார்பெலும்பின் ஓரம் தொட்டாலே வலி, தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "பிடிப்புதான் டாக்டர், அமுக்கினா வலிக்குது பாருங்க" என்று தானே அழுத்திக் காட்டினார். உண்மையிலேயே அந்த இடம் நன்றாக வலித்தது. ஈசிஜியில் ஒன்றும் இல்லை. ட்ரோபோனினும் சரியாக இருந்தது.

கூட வந்த மகள்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: பத்து நாளாக அம்மா மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகும்போது பாதிப் படியில் நின்றுவிட்டுப் போகிறார்.

"ஏம்மா நிக்கிறீங்க?"

"அடைக்கிற மாதிரி இருக்கும். ரெண்டு நிமிஷம் நின்னா போயிடும்."

"இப்ப அமுக்கினா வர்ற வலியும், படியில வர்றதும் ஒண்ணுதானா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கையை மார்பெலும்பின் ஓரத்திலிருந்து எடுத்து, உள்ளங்கையை நெஞ்சின் நடுவில் வைத்தார். "இல்ல டாக்டர். அது மேல வலிக்குது. இது உள்ள அடைக்குது."

ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி ஆஞ்சைனாக்காரருக்குச் சாதாரணமாக இருப்பது வழக்கமான விஷயம்தான். மோட்டார் நின்றிருக்கும்போது அதன் திணறல் கேட்காது. புதிதாகத் தொடங்கிய ஆஞ்சைனா எப்போது வேண்டுமானாலும் மாரடைப்பாகலாம் என்பதால் அவரை வீட்டுக்கு அனுப்பாமல் சேர்த்துக்கொண்டோம். ஆஞ்சியோகிராமில் இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் 90 சதவீதம் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பார்க்க வந்தபோது படியில் வரும் அடைப்பு அடியோடு போயிருந்தது. மார்பெலும்பின் ஓரத்தில் மட்டும், விரல் வைத்தால், இன்னும் வலித்தது.